இரவு 10:40-க்கு முடித்த மெயில்: இப்போதே அனுப்புவதா, ஷெட்யூல் செய்வதா, ரீட் ரிசீட் கேட்பதா?

புதன்கிழமை இரவு 10:40. 14 பக்க ஒப்பந்த வரைவைத் திருத்தி முடித்து மெயிலில் இணைத்தாயிற்று. அதன் 6-ஆம், 9-ஆம் பிரிவுகளை உங்கள் குழுவில் ஒருவர் சரிபார்த்துத் தர வேண்டும். அவருக்கு அது ஒன்றரை மணி நேர வேலை. வியாழன் மாலை 4 மணிக்குள் வரைவு வாடிக்கையாளரிடம் போயாக வேண்டும். இப்போது உங்களுக்கு நான்கு வழிகள். அப்படியே அனுப்பிவிடலாம். அவர் திறந்ததும் உங்களுக்கு அறிவிப்பு வரும்படி, அனுப்பும்போதே ரீட் ரிசீட் கேட்கலாம். காலைக்கு ஷெட்யூல் செய்யலாம். அல்லது இப்போதே அனுப்பி, "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று ஒரு வரி சேர்க்கலாம்.

நான்கிலும் மெயில் ஒன்றுதான், இணைப்பும் ஒன்றுதான். ஆனால் பெறுபவருக்கு நான்கும் ஒன்றல்ல. எந்த நேரத்தில் வந்தது, கூடவே என்ன கேட்டது என்பதை வைத்தே அவர் பாதி அர்த்தத்தை எடுத்துக்கொள்வார். அனுப்புகிறவருக்கு எது நிம்மதி தரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதால்தான் பெரும்பாலும் தவறான வழி தேர்வாகிறது.

ரீட் ரிசீட்: கேட்பது ஒன்று, கிடைப்பது வேறு

முதலில் இதை எடுத்துக்கொள்வோம். இதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம்.

கணினி அவுட்லுக்கில் மெயில் எழுதும்போது Options பகுதியில் Request a Read Receipt என்ற கட்டத்தை டிக் செய்தால், மெயிலின் தலைப்பு விவரங்களில் Disposition-Notification-To என்று ஒரு வரி சேர்கிறது. "இது திறக்கப்பட்டால் இந்த முகவரிக்குத் தெரிவிக்கவும்" என்ற வேண்டுகோள் அது. அதற்கு மேல் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. இதற்கான இணையத் தர ஆவணம் 2017-இல் வந்த RFC 8098. பெறுபவரின் சம்மதம் பெற்ற பிறகே ரசீது போக வேண்டும் என்று அது வலுவாகப் பரிந்துரைக்கிறது. ரசீது வந்தாலும், மெயில் திரையில் காட்டப்பட்டது என்பது மட்டுமே அதன் பொருள். படித்தார், புரிந்துகொண்டார் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது என்று அந்த ஆவணமே சொல்கிறது.

இனி பெறுபவரின் திரைக்கு வருவோம். அவுட்லுக்கில் File, Options, Mail என்று போய் Tracking பகுதியைப் பார்த்தால் மூன்று தேர்வுகள் இருக்கும்: எப்போதும் ரசீது அனுப்பு, ஒருபோதும் அனுப்பாதே, ஒவ்வொரு முறையும் என்னைக் கேள். மூன்றாவது இருந்தால், மெயிலைத் தொட்டதும் ஒரு பெட்டி எழும்பி "ரசீது கேட்டிருக்கிறார், அனுப்பலாமா?" என்று கேட்கும். கவனியுங்கள்: உங்கள் மெயிலில் அவர் முதலில் எதிர்கொள்வது ஒப்பந்தத்தைப் பற்றிய வரி அல்ல, இந்தக் கேள்விதான். "ஆம்" என்றால் அந்த நிமிடத்திலிருந்து தன் மீது கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்று நினைப்பார். "இல்லை" என்றால் ஏதோ மறைப்பதாக நீங்கள் நினைப்பீர்களோ என்று யோசிப்பார். நீங்கள் விரும்பியது தகவல். அவருக்குக் கிடைத்தது "நீ பார்ப்பாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை" என்ற செய்தி.

இது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்துக் காயத்தின் ஆழம் மாறும். மேலாளர் கீழே இருப்பவரிடம் கேட்டால் கண்காணிப்பு. கீழே இருப்பவர் மேலாளரிடம் கேட்டால் துடுக்குத்தனம். சம நிலையில் இருக்கும் இருவருக்குள் வந்தால் இன்னும் மோசம்: பின்னால் எதற்கோ ஆதாரம் சேர்க்கிறார் என்று படும். அதன் பிறகு வரும் பதில்கள் எச்சரிக்கையாகவும் சுருக்கமாகவும் மாறியிருப்பதைப் பார்க்கலாம்.

இத்தனை விலை கொடுத்தும் கிடைக்கும் தகவல் நம்பத்தக்கதா என்றால், இல்லை. ரசீது வராததற்குக் காரணம் பல. அவர் அமைப்பில் "ஒருபோதும் அனுப்பாதே" இருக்கலாம். அவருடைய மெயில் செயலி இந்த வேண்டுகோளையே கண்டுகொள்ளாததாக இருக்கலாம். ஜிமெயிலில் அலுவலக, கல்வி நிறுவனக் கணக்குகளுக்கு மட்டுமே இந்த வசதி உண்டு, அதுவும் நிர்வாகி அனுமதித்திருந்தால்தான். தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளில் இல்லை. மறுபக்கம், ரசீது வந்தும் படிக்கப்படாமல் இருக்கலாம். சில அமைப்புகளில் மெயிலைத் திறக்காமலே "படித்ததாக" குறித்தாலும் ரசீது போய்விடும். பொது அஞ்சல் பெட்டியாக இருந்தால் வேறொருவர் திறந்திருப்பார்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ரசீது கேட்ட ஒரு மெயிலைப் பெறுபவர் திறக்காமலே விட்டு, மாதங்கள் கழித்துப் பழையதை மொத்தமாக அழிக்கும்போது, Not read: என்று தொடங்கும் ஓர் அறிவிப்பு உங்களுக்கு வந்து நிற்கும், மெயில் படிக்கப்படாமல் அழிக்கப்பட்டது என்று. அதைப் பார்த்துக் கோபப்பட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பெறுபவர் தன் அஞ்சல் பெட்டியைச் சுத்தம் செய்தார் என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படத்தை ஒளித்து வைத்து, அது எப்போது இறக்கப்படுகிறது என்று பார்க்கும் முறையைச் சிலர் மாற்றாகச் சொல்வார்கள். பெட்டி எழும்பாது என்பதால் நாகரிகமானது என்றும் வாதிடுவார்கள். அது அதைவிடத் தாழ்ந்த வழி. கேட்டுப் பெறுவதற்குப் பதிலாகக் கேட்காமல் எடுப்பது அது. துல்லியமும் இல்லை: 2021-இல் iOS 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியிருப்பவர்களுக்கு, அவர்கள் மெயிலைத் திறக்காவிட்டாலும் படங்கள் பின்னணியில் முன்கூட்டியே இறக்கப்பட்டுவிடும். நீங்கள் பார்க்கும் "திறக்கப்பட்டது" என்ற குறி ஒரு சர்வரின் வேலையாக இருக்கலாம்.

அப்படியானால் ரீட் ரிசீட்டுக்கு இடமே இல்லையா? உண்டு, குறுகிய இடம். ஒரே நிறுவனத்துக்குள், எல்லோரும் ஒரே மெயில் அமைப்பில், இன்ன வகை அறிவிப்புக்கு ரசீது கேட்கப்படும் என்று முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது அது யாரையும் குத்தாது. பாதுகாப்பு நடைமுறை மாறியது என்று அனுப்புகிறீர்கள், யாரிடம் இன்னொரு முறை நேரில் சொல்ல வேண்டும் என்று பட்டியல் எடுக்க வேண்டும், அப்படிப்பட்ட இடம். அங்கேயும் அது ஆதாரம் அல்ல, பின்தொடர ஒரு துப்பு மட்டுமே. ஆதாரம்தான் வேண்டும் என்றால் "படித்தேன்" என்று ஒரு வார்த்தை பதில் கேளுங்கள். வெளிப்படையாகக் கேட்பது ரசீதைவிட மரியாதையானது, வலுவானதும்கூட.

உங்கள் சந்தேகம் "படித்தாரா" என்பதல்ல, "போய்ச் சேர்ந்ததா" என்பதுதான் என்றால் வேறு கருவி இருக்கிறது. அதே Options பகுதியில் Request a Delivery Receipt என்ற இன்னொரு கட்டம் உண்டு. அதற்குப் பதில் சொல்வது பெறுபவர் அல்ல, மெயில் சர்வர். அவர் திரையில் எந்தப் பெட்டியும் எழும்பாது. வெளி நிறுவன சர்வர்கள் எல்லாம் இதற்குப் பதில் தரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பலர் ரீட் ரிசீட் கேட்கும் இடங்களில் உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

ஷெட்யூல் செய்வது: பெறுபவர் பார்ப்பது நேரத்தை மட்டும்

ஜிமெயிலில் அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள கீழ்நோக்கிய அம்பைத் தொட்டால் Schedule send வரும். 2019 ஏப்ரலில் வந்த வசதி. ஷெட்யூல் செய்த மெயில் Scheduled கோப்புறையில் காத்திருந்து, உங்கள் கணினி அணைந்திருந்தாலும் குறித்த நேரத்துக்குப் போய்விடும். பழைய கணினி அவுட்லுக்கில் இதன் பெயர் Delay Delivery. அங்கே Do not deliver before என்ற இடத்தில் நேரத்தைக் கொடுக்க வேண்டும். அதில், மெயில்களைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் POP வகைக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குறித்த நேரத்தில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் மெயில் போகும். காலையில் மடிக்கணினியைத் திறக்கும் வரை அது Outbox-இலேயே கிடக்கும். அனுப்பியாயிற்று என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பெறுபவருக்கு "இது ஷெட்யூல் செய்யப்பட்டது" என்று எங்கும் காட்டப்படுவதில்லை. வந்த நேரம்தான் தெரியும். அதனால் ரீட் ரிசீட் போல இது அவரிடம் எதையும் கேட்பதில்லை. வேலை நேரத்தில் வந்த வேலை மெயில், அவ்வளவுதான். மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு எழுதும்போது இதன் மதிப்பு மிகப் பெரிது. இரவு 10:40-க்கு மேலாளரின் பெயர் போனில் மின்னினால், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அது அழைப்புதான்.

ஆனால் ஜிமெயில் தானாகக் காட்டும் காலை 8:00, மதியம் 1:00 என்ற நேரங்களை அப்படியே தொட்டுவிடாதீர்கள். ஒரே ஆளிடமிருந்து சரியாக 8:00-க்கு மூன்று மெயில்கள் வரிசையாக விழுந்தால், இரவு எழுதி அடுக்கி வைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அது குற்றமல்ல. சங்கடம் வேறு: வேலை தொடங்கும் முன்பே குவியல் வந்து உட்கார்ந்துவிடுகிறது, உங்கள் முக்கியமான மெயில் குவியலின் அடியில் போகிறது. Pick date & time என்பதைத் தொட்டு, அவர் வழக்கமாக வேலை தொடங்கி ஒரு பத்து நிமிடம் கழித்து வருமாறு வையுங்கள்.

ஷெட்யூல் எங்கே கெடுக்கும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நல்ல பழக்கம் என்ற பெயரில் எல்லாவற்றையும் காலைக்குத் தள்ளுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மெயில் காத்திருக்கும் பத்து மணி நேரத்தில் உலகம் நகர்கிறது. அதே உரையாடலில் இரவு 11:30-க்கு வாடிக்கையாளர் "9-ஆம் பிரிவை எடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருப்பார். ஷெட்யூல் செய்த பதிலுக்கு அது தெரியாது. 9-ஆம் பிரிவைச் சரிபார்க்கச் சொல்லிக் காலையில் அது போய்ச் சேரும். அதனால் காலையில் முதலில் பார்க்க வேண்டியது Scheduled கோப்புறை. அங்கே Cancel send தொட்டால் மெயில் வரைவாகத் திரும்பிவிடும். எழுதும்போதே "இன்று", "நாளை" என்ற சொற்களைத் தவிர்த்து "வியாழன் 2 மணி" என்று எழுதுங்கள். புதன் இரவு எழுதிய "நாளை", வியாழன் காலை படிக்கும்போது வெள்ளியாகிவிடும்.

இரண்டாவது, பலரும் யோசிக்காதது: ஷெட்யூல் செய்தால் எச்சரிக்கைகளும் தள்ளிப்போகும். வியாழன் அவர் விடுப்பில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவே அனுப்பியிருந்தால் விடுப்பு பற்றிய தானியங்கிப் பதில் இரவே வந்திருக்கும்; வேறு ஆளைத் தேட உங்களுக்கு நேரம் இருந்திருக்கும். முகவரியில் ஓர் எழுத்து தவறினாலும் அப்படித்தான், திரும்பி வரும் மெயில் காலையில்தான் வரும். ஆகவே மறுநாளே முடிய வேண்டிய வேலை என்றால், ஷெட்யூல் செய்யும் முன் அவருடைய காலண்டரைப் பாருங்கள்.

மூன்றாவது, பெறுபவருக்கு இப்போதே தெரிய வேண்டிய செய்தி. காலை 7 மணிக் கூட்டம் ரத்து, சர்வர் நின்றுவிட்டது, அவர் இரவெல்லாம் செய்துகொண்டிருக்கும் வேலை இனி தேவையில்லை. இவற்றை மரியாதை கருதிக் காலைக்குத் தள்ளுவது மரியாதை அல்ல. இரவே தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பது பின்னால் வெளிவந்தால், அதுதான் நினைவில் நிற்கும். பகிர்ந்த ஆவணத்தின் திருத்த வரலாறு ஒன்றே போதும். 10:38-க்குக் கடைசியாகத் திருத்தியவர் யார் என்று அதில் இருக்கும். அதே காரணத்தால், விடியற்காலையிலேயே வேலை செய்கிறவர் என்ற தோற்றத்துக்காக 5:30-க்கு ஷெட்யூல் செய்வதும் வேண்டாம்.

வேறு நேர மண்டலத்தில் இருப்பவருக்கு அனுப்பும்போது, நீங்கள் குறிக்கும் நேரம் உங்கள் மண்டலத்தின் நேரம். உங்கள் காலை 8 அவருக்கு அதிகாலை 3-ஆக இருக்கலாம்.

ஒரு வரி சேர்த்து இப்போதே அனுப்புவது

லாரா ஜியர்ஜ், வனெசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நேரடியாகப் பொருந்தும். வேலை நேரத்துக்கு வெளியே வரும் அவசரமில்லாத மெயில்களுக்கு, அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் எதிர்பார்க்கப்படுவதாகப் பெறுபவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். இது அவசரமில்லை என்று அனுப்புகிறவர் ஒரு வரி சொல்லிவிட்டால் அந்த இடைவெளி குறைகிறது.

வரி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் விஷயம். "நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்பது மேலாளரிடமிருந்து வந்தால் யாரும் நம்புவதில்லை. உண்மையில் கெடு இருக்கும்போது அப்படி எழுதுவது பொய்யும்கூட. மணியைச் சொல்ல வேண்டும். அதையும் பொருள் வரியிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் போன் அறிவிப்பில் தெரிவது அதுதான். மெயிலின் கடைசி வரியில் எழுதினால், "இப்போது திறக்க வேண்டாம்" என்ற செய்தியை அறிய அவர் திறந்தாக வேண்டும். எப்படி எழுதினாலும் போன் மணி அடித்துவிடும். இந்த வழியின் எல்லை அதுதான்.

அந்த 14 பக்கத்துக்கு எது?

கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம். 4 மணிக்கு அனுப்ப வேண்டும். திருத்தங்களைச் சேர்த்து, கடைசியாக ஒருமுறை வாசிக்க உங்களுக்கு ஒன்றரை மணி நேரம். ஆக 2:30-க்குள் பதில் கையில் இருக்க வேண்டும். அரை மணி இடைவெளி விட்டு 2:00 என்று கேட்பது நல்லது. அவருக்கு ஒன்றரை மணி நேர வேலை என்பதால் கடைசியாக 12:30-க்காவது தொடங்கியாக வேண்டும். இரவே தெரிவதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை என்பது இதிலிருந்து தெளிவு. அவர் 9 மணிக்கு வேலை தொடங்குகிறவர், வியாழன் விடுப்பில் இல்லை என்று காலண்டரில் பார்த்தாயிற்று என்றால், 9:10-க்கு ஷெட்யூல் செய்வதே சரி. மெயில் இப்படி இருக்கலாம்:

"பொருள்: வியாழன் 2 மணிக்குள்: ஒப்பந்த வரைவு, 6, 9-ஆம் பிரிவுகள்

வணக்கம். இணைப்பில் உள்ள வரைவில் 6, 9 ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டும் பார்த்தால் போதும். 6-இல் கட்டணத் தவணைகள், 9-இல் ஒப்பந்தத்தை முறிக்கும் நிபந்தனை. வியாழன் பிற்பகல் 2 மணிக்குள் உங்கள் திருத்தம் வேண்டும். 4 மணிக்கு வாடிக்கையாளருக்கு அனுப்புகிறேன். அந்த நேரம் முடியாது என்றால் 11 மணிக்குள் ஒரு வரி எழுதிவிடுங்கள், வேறு ஏற்பாடு செய்கிறேன்."

கடைசி வாக்கியம்தான் ரீட் ரிசீட் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. மெயிலைத் திறந்தாரா என்பது உங்களுக்குத் தேவையில்லை. 2 மணிக்குள் முடியுமா என்பதுதான் தேவை. முடியாது என்று சொல்ல அதில் அவருக்கு வழியும் இருக்கிறது. 11:30 வரை ஒன்றும் வராவிட்டால் போன் செய்யுங்கள். 12:30-க்கு இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும்.

இதே வரைவை மேலாளரின் பார்வைக்கு அனுப்புவதாக இருந்தால், ஷெட்யூல் செய்யாமல் மணி குறித்த பொருள் வரியோடு இரவே அனுப்பலாம். கீழிருந்து மேலே போகும் மெயில் யாரையும் படுக்கையிலிருந்து எழுப்பி வேலை செய்ய வைப்பதில்லை, காலையில் எழுந்ததும் பார்த்துக்கொள்வார். வெளியே உள்ள சட்ட ஆலோசகருக்கு என்றால் இரவே அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று தெரிய டெலிவரி ரிசீட் கேட்கலாம். முகவரி தவறு, விடுப்பு எல்லாம் இரவே தெரிந்துவிடும். ஷெட்யூலையும் ரீட் ரிசீட்டையும் சேர்த்து மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். காலை 8:00-க்கு மெயிலும், அதன் மேல் ரசீதுக் கேள்வியும் ஒன்றாக வந்தால், கணினியைத் திறக்கும் முன்பே வாசலில் ஆள் நிற்பதாகத்தான் தோன்றும்.

சாட்டில் கணக்கு வேறு

வாட்ஸ்அப்பில் நீல டிக் 2014 நவம்பரிலிருந்து இருக்கிறது. அங்கே ரசீதை நீங்கள் கேட்பதில்லை, அது தானாகவே போகிறது. அதனால் கேட்டவர் மேல் கோபம் வராது. பார்த்தும் பதில் சொல்லாதவர் மேல்தான் வருத்தம் வருகிறது. Settings, Privacy, Read receipts என்று போய் அணைத்துவிடலாம். அணைத்தால் மற்றவர்கள் பார்த்தார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. குழு உரையாடல்களில் அதை அணைக்க முடியாது. குரல் பதிவைக் கேட்டீர்களா என்பதும் எப்படியும் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும்.

வேலைச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால், பதில் பிறகுதான் தர முடியும் என்றாலும் திறந்த உடனே "பார்த்தேன், 3 மணிக்குச் சொல்கிறேன்" என்று எழுதிவிடுவது நீல டிக்கை அணைப்பதைவிடப் பயன்தரும். டிக்கை அணைத்தால் காத்திருப்பவர் இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புவார், பிறகு போன் செய்வார். டிக் எரிந்து பதில் இல்லாமல் இருந்தாலும் அதே போன் வரும். இரண்டையும் நிறுத்துவது அந்த ஒரு வரிதான், அதில் மணி இருக்கும் வரை.